கெடு தேதி

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய நான்கு பாஸ்புக்குகள் இருக்கின்றன. எல்லாமே கூட்டுறவு சொசைட்டியின் பயிர்க்கடன் பாஸ்புக்குகள். தாத்தாவுடையது ஒன்று, அப்பாவுடையது மூன்று. அப்பாவின் புத்தகங்களில் ஒவ்வொரு கடனுக்கும் நேராக ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். அது கடன் வாங்கிய தேதி இல்லை, கட்ட வேண்டிய கெடு தேதி. சின்ன வயதில் அது ஏதோ பரீட்சைத் தேதி என்று நினைத்திருந்தேன். கிட்டத்தட்ட அப்படித்தான்.

விழுப்புரம் பக்கம் ஒரு கரும்புக் கிராமம் எங்களுடையது. இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. அரசுக் கணக்கில் இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அந்தக் கோட்டின் மேலேயே நின்றது எங்கள் குடும்பம். கல்லூரிக்குப் போன பிறகு நான் ஒருமுறை அப்பாவிடம், “வட்டிதான் இல்லையே, அப்புறம் ஏன் லோன்னா இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க?” என்று கேட்டேன். “வட்டிய பத்தி எவன்டா பயந்தான்? தேதிதான்டா பயம்” என்றார்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில் எழுதியது இந்தக் கட்டுரை. பயிர்க்கடனின் வரலாறு பெரும்பாலும் வட்டி விகிதத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அது ஒரு தேதியின் வரலாறாகத் தெரிகிறது.

*

பழைய கிராமக் கடனுக்குத் தனியாகத் தேதி தேவைப்படவில்லை, களம்தான் தேதி. விதைக்கும்போது ஒரு மூட்டை நெல் வாங்கினால் அறுத்ததும் ஒன்றேகால் மூட்டை, ஒன்றரை மூட்டை என்று களத்திலேயே அளந்து கொடுக்க வேண்டும். கொடுத்தவர் அறுப்பன்று களத்துமேட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஐந்து மாதத்துக்கு ஐம்பது சதவீதம் என்பது கொள்ளை வட்டிதான். ஆனாலும் அதில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. விளைச்சல் எப்போது வருகிறதோ அப்போதுதான் கெடுவும் வரும். மழை பிந்தினால் கெடுவும் தானாகப் பிந்திவிடும்.

கிஸ்தி அப்படி இல்லை. ரயத்துவாரி முறையில் நிலவரியைப் பணமாக, தவணை தவணையாகக் கட்ட வேண்டும். அந்தத் தவணை தாலுகா கச்சேரியின் நாட்காட்டியில் இருந்தது. அறுத்த சூட்டோடு எல்லோரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்றால் விலை விழும். விழுந்த விலைக்கு விற்றோ, விற்காமல் லேவாதேவிக்காரரிடம் வாங்கியோதான் கிஸ்தியைக் கட்ட வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்குத் தேதி தவறாமல் பணம் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் பல இடங்களில் ஒரு வட்டிக்காரர் இருந்தார். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து இதே காட்சி எங்கள் வீட்டுத் திண்ணையில் மறுபடி வரும்.

1875-இல் தக்காணத்தில் புனே, அகமத்நகர் பகுதி விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அதன் பிறகுதான் விவசாயக் கடன் என்பது அரசாங்கம் கவலைப்பட வேண்டிய விஷயமானது. 1883-இலும் 1884-இலும் இரண்டு சட்டங்கள் வந்து, அரசே கடன் கொடுக்கத் தொடங்கியது. தக்காவி என்று அதற்குப் பெயர். வட்டி குறைவுதான். ஆனால் அதையும் வசூலித்தது வருவாய்த் துறை. கிஸ்தி கேட்டு வந்தவரே இதற்கும் வந்தார். தக்காவி பெரிதாக எடுபடவில்லை.

1892-இல் மதராஸ் அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வேறு வழி தேடச் சொன்னது. அவர் ஐரோப்பியக் கிராம வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அதன் சாரம், ஜெர்மனியின் ரைஃபைசனைப் போல ஒருவரை இங்கே கண்டுபிடியுங்கள் என்பதுதான். ரைஃபைசன் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் பகுதியில் சின்னச் சின்ன ஊர்களுக்கு மேயராக இருந்தவர். பஞ்ச காலத்தில் ரொட்டிக்காக ஒரு சங்கம் தொடங்கி, பிறகு அதே யோசனையைக் கடனுக்குக் கொண்டுவந்தவர். ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து கடன் வாங்குவார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற எல்லோரும் பொறுப்பு. அடமானம் வைக்க நிலம் இல்லாதவருக்கு அவருடைய ஊரே அடமானம்.

இந்த யோசனையில் தேதியை யார் முடிவு செய்வது என்பதற்கும் ஒரு பதில் இருந்தது. பக்கத்து வயல்காரன்தான். உன் வயலில் என்ன நின்றது, எப்போது அறுத்தாய், எவ்வளவுக்கு விற்றாய் என்று அவனுக்குத் தெரியும். நீ ஏமாற்றினால் தெரியும், நிஜமாகவே முடியவில்லை என்றாலும் தெரியும்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு சங்கம் பதிவானது. மதராஸ் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பாஸ்புக்குகளுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

*

அடுத்த ஐம்பது வருடத்தில் நடந்ததை இரண்டு எண்களில் சொல்லலாம். 1951-52-இல் ரிசர்வ் வங்கி இந்தியா முழுக்க ஒரு கிராமக் கடன் ஆய்வு நடத்தியது. ஏ.டி. கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் அறிக்கை கொடுத்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3.1 சதவீதம். வட்டிக்குக் கொடுப்பவர்களின் பங்கு கிட்டத்தட்ட 70 சதவீதம். அரை நூற்றாண்டு சங்கங்கள் நடத்தியும் கணக்கு இவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று அந்தக் குழு பார்த்தபோது கிடைத்த பதில்களில் ஒன்று என் தாத்தாவைப் பற்றியது போலவே இருக்கிறது. சங்கங்கள் நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தன. பட்டா இருந்தால் கடன், பெரிய பட்டா இருந்தால் பெரிய கடன். அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் என்ன நிற்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகும், எப்போது பணமாகும் என்பதைக் கேட்கவில்லை. அதனால் கடனின் அளவும் பயிரின் தேவையும் பொருந்தவில்லை. கெடுவும் அறுவடையும் பொருந்தவில்லை.

இங்கிருந்துதான் நாம் இன்று பயிர்க்கடன் என்று சொல்வது உருவானது. யோசனை எளிமையானது. நிலத்துக்குக் கடன் கொடுக்காதே, பயிருக்குக் கொடு. ஒரு ஏக்கர் கரும்புக்கு இவ்வளவு, நெல்லுக்கு இவ்வளவு, மணிலாவுக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும். அதில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாக. விளைந்ததை விற்றதும் அந்தப் பணத்திலிருந்தே கடன் அடையும். கெடு தேதி என்பது அறுவடை மாதத்தோடு விற்பதற்கான அவகாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு நாள். அறுபதுகளின் நடுவில் இந்த முறை நாடு முழுக்கப் பரவியது.

அதாவது, களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த பழைய தேதியை, அந்த ஐம்பது சதவீத வட்டி இல்லாமல், காகிதத்தில் கொண்டுவர முயன்றார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஒரு அரசாங்கக் குழு உட்கார்ந்து, வங்கியின் நாட்காட்டியைக் கரும்பின் நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்திருக்கிறது.

தாத்தாவின் பாஸ்புக்கில் இதைப் பார்க்கலாம். நெல்லுக்கு வாங்கிய கடனுக்கு ஒரு கெடு, கரும்புக்கு வாங்கியதற்கு வேறு கெடு. எழுபதுகளில் அவர் பெரும்பாலும் நேரத்துக்குக் கட்டியிருக்கிறார். கட்டாத வருடங்களில் ‘அபராத வட்டி’ என்று ஒரு வரி இருக்கிறது. அப்போதைய முறை அதுதான். நேரத்துக்குக் கட்டினால் சாதாரண வட்டி, தவறினால் அபராதம். சரியாகக் கட்டியவருக்குத் தனிப் பரிசு ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் அந்தப் பாஸ்புக்கில் இருக்கிறது. 80-களில் சில பக்கங்களில் ஒரு தேதியில் பணம் கட்டியிருக்கிறார், மூன்று நான்கு நாளில் அதே தொகையோ கொஞ்சம் கூடுதலோ திரும்ப எடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் இதற்குப் ‘புரட்டிப் போடுறது’ என்று பெயர். பணம் நிஜமாக வந்து கட்டப்பட்டதா, காகிதத்தில் மட்டும் புரண்டதா என்பது பாஸ்புக்கில் தெரியாது. இதில் சொசைட்டிக்கும் பங்கு உண்டு. கிராமச் சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கிறது. மத்திய வங்கி மாநிலத் தலைமை வங்கியிடம் வாங்குகிறது. கீழே தேதி தவறினால் மேலே தவறும், அடுத்த பருவத்துக்குப் பணம் இறங்காது. அதனால் தேதியைக் காப்பாற்றுவது விவசாயியின் கவலை மட்டும் இல்லை, செயலாளரின் கவலையும்தான்.

*

2006-07-இல் மத்திய அரசு வட்டி மானியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனை 7 சதவீத வட்டிக்குக் கொடுக்க வேண்டும், வங்கிக்கு ஆகும் வித்தியாசத்தை அரசு தரும். மூன்று வருடம் கழித்து அதில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கெடுவுக்குள் கட்டுகிற விவசாயிக்குத் தனிச் சலுகை. 2009-10-இல் 1 சதவீதம், அடுத்த ஆண்டு 2, 2011-12-இலிருந்து 3. ஆக, நேரத்துக்குக் கட்டினால் வட்டி 4 சதவீதம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் 2009-10 முதல் அந்த மிச்ச வட்டியையும் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. நேரத்துக்குக் கட்டினால் வட்டியே இல்லை.

இது சின்ன மாற்றம் இல்லை. தாத்தாவின் காலத்தில் தவறினால் தண்டனை. அப்பாவின் காலத்தில் தவறாவிட்டால் பரிசு. கணக்குப்படி இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், மனதுக்கு அப்படி இல்லை. நேரத்துக்குக் கட்டியவன் சொசைட்டிக்குப் போய் அசலை மட்டும் எண்ணி வைத்துவிட்டு நிமிர்ந்து வெளியே வரலாம். அப்பா அப்படி வந்த நாட்களில் எங்களுக்கு வரும் வழியில் கடையில் பக்கோடா வாங்கி வருவார்.

ஆனால் இந்தச் சலுகையின் உருவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1 லட்சம் ரூபாய் கடன், ஒரு வருடம். கெடு நாளன்று கட்டினால் வட்டி பூஜ்யம். மறுநாள் கட்டினால் 7,000 ரூபாய். இடையில் ஒன்றும் கிடையாது. பத்து நாள் தாமதத்துக்குப் பத்து நாள் சலுகை குறையும் என்று இருந்தால் அது சரிவு. இது கிணற்று விளிம்பு. ஒரு அடி தாண்டினால் ஒட்டுமொத்தமாக உள்ளே. அதற்கு மேல் தாமதமான நாட்களுக்குக் கூடுதல் வட்டி தனி.

நிர்வாகத்துக்கு இப்படி இருப்பது வசதி. சலுகைப் பணத்தைச் சங்கம் அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். யார் யாருக்கு என்று பட்டியல் போட வேண்டும், தணிக்கைக்குக் காட்ட வேண்டும். கட்டினாரா, இல்லையா என்ற ஒரே கேள்வியாக இருந்தால் பட்டியல் சுலபம். வேடிக்கை என்னவென்றால், குறுகிய காலப் பயிருக்குக் கொடுத்த கடனை வாராக்கடன் என்று வகைப்படுத்த ரிசர்வ் வங்கியின் விதியே கெடுவுக்குப் பிறகு இரண்டு பயிர்ப் பருவங்கள் காத்திருக்கச் சொல்கிறது. விவசாயம் தாமதமாகும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சலுகை மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருப்பதில்லை.

*

கரும்புக்கு வருகிறேன்.

தை மாசி வாக்கில் நட்டால் கரும்பு முதிரப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். ஆனால் முதிர்ந்ததும் நாமாக வெட்ட முடியாது. ஆலையில் பதிவு செய்த கரும்பு அது. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுத்த பிறகுதான் ஆள் இறக்கி வெட்ட வேண்டும். ஆர்டர் பதினோராவது மாதத்திலும் வரலாம், பதிமூன்றாவது மாதத்திலும் வரலாம். வெட்டிய கரும்பை வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. நாள் கடந்தால் காய்ந்து எடை குறையும், சாறும் கெடும். நெல்லுக்கு அறுத்த பிறகு கிடங்கில் வைத்து, அந்த ரசீதின் பேரில் சில மாதங்கள் சலுகை வட்டியிலேயே கடன் வாங்கும் வழியாவது திட்டத்தில் உண்டு. கரும்புக்கு அது சாத்தியமே இல்லை.

லாரி ஏற்றிய பிறகு பணம். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆணை இன்றும் அமலில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் 14 நாளில் பணம் பார்த்தவர்கள் அதை ஒரு கதையாகச் சொல்வார்கள்.

இப்போது மூன்று நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிருக்கு ஒரு வருடம் வரை ஆகும். ஆலையின் ஆர்டருக்கும் பணத்துக்கும் மேலும் சில மாதங்கள். வட்டி மானியமோ கடன் வாங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். எங்கள் பாஸ்புக்கிலும் கெடு சரியாக ஒரு வருடம்தான். பயிரைப் பார்த்துத் தேதி வை என்று தொடங்கிய முறையில், கரும்புக்கு மட்டும் பணம் கைக்கு வருவதற்கு முன்பே தேதி வந்துவிடுகிறது.

2015-இல் அப்பா ஒரு முறை தவறினார். 80,000 ரூபாய்க் கடன், பிப்ரவரியில் கெடு. கரும்பு வெட்டியாகிவிட்டது, ஆலை பணம் போடவில்லை. அம்மாவின் செயின் ஏற்கெனவே அதே சொசைட்டியில் நகைக்கடனில் இருந்தது. வட்டிக்கு வாங்கச் சொன்னார்கள். “எங்கப்பா வட்டிக்காரன் திண்ணையில உக்காந்தத நான் பாத்துருக்கேன். நான் உக்கார மாட்டேன்” என்று விட்டுவிட்டார். கெடு கழிந்து பதினோராம் நாள் மாமா பணம் அனுப்பினார். அப்பா எடுத்துக்கொண்டு ஓடினார். கிளார்க் நல்ல மனிதர், கணினியைத் திருப்பியே காட்டினார். “அண்ணே, நான் என்ன பண்றது? சிஸ்டம் எடுக்கல.” 5,600 ரூபாய் வட்டி, பதினோரு நாளுக்குக் கூடுதல் வட்டி. பதினோரு நாளுக்கு ஒரு கறவை மாட்டின் இரண்டு மாதப் பால் பணம் போனது என்று அம்மா கணக்குப் போட்டார்.

ஆலை தாமதித்தது, அபராதம் விவசாயிக்கு. வெள்ளம் வந்தோ வறட்சியிலோ பயிர் அழிந்திருந்தால் வேறு கதை. இயற்கைப் பேரிடர் என்று அறிவித்தால் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தருவார்கள், மாற்றிய கடனுக்கு முதல் வருடம் வட்டி மானியமும் உண்டு. விதிகள் மழையின் தாமதத்தைப் புரிந்துகொள்கின்றன. ஆலையின் தாமதத்துக்கு அவற்றில் ஒரு வரி கிடையாது.

*

அதற்குப் பிறகு அப்பா ஒரு முறையும் தவறவில்லை. எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. 2021 ஜனவரியில் லாக்டவுனால் வீட்டிலேயே இருந்தபோதுதான் பார்த்தேன்.

முந்தின வருடம் ஜனவரி 27 அன்று 1 லட்சம் வாங்கியிருந்தார். கெடு 2021 ஜனவரி 27. பொங்கலுக்கு முன்பே கரும்பு வெட்டியாகிவிட்டது. கூலி போக ஆலையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் வர வேண்டும். வரவில்லை. 26-ஆம் தேதி சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு ஒருவர் வந்தார். சட்டைப் பையில் சின்ன டைரி. அம்மா அவருக்கு டீ கொடுத்தார். அவர் வருடா வருடம் ஜனவரியில் வருபவர் என்பது அந்த டீயைக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

மூணு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடக் கணக்கில் 36 சதவீதம். பத்தே நாள் வைத்திருந்தாலும் ஒரு மாத வட்டி உண்டு. அப்பா எனக்கு விளக்கினார். “இப்ப இவர்கிட்ட 1 லட்சம் வாங்கி நாளைக்குக் கட்டிட்டா 7,000 மிச்சம். பத்து நாள்ல சொசைட்டியில திருப்பிப் புது லோன் போடுவான். அத வாங்கி இவருக்குக் குடுத்துடுவேன். இவருக்கு 3,000. நமக்கு 4,000 லாபம்தானடா?”

லாபம்தான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. வருடத்தில் பதினொன்றரை மாதம் வட்டியில்லாக் கடன், மிச்சப் பதினைந்து நாளுக்கு 36 சதவீதம். கூட்டிக் கழித்தால் சொசைட்டியில் 7 சதவீதம் கட்டுவதைவிட இது மலிவு. அப்பாவின் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். எங்கள் தெருவில் எட்டு வீடு இதைச் செய்தது. டைரிக்காரர் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் கரும்புக்காரர்களுக்காகத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருப்பார். அவருடைய கைமுதலும் பயிர்ப் பருவத்தோடுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

வட்டிக்காரரிடமிருந்து விவசாயியை விடுவிக்கத்தான் நிக்கல்சன் அவ்வளவு பக்கங்கள் எழுதினார். கோர்வாலா குழு 70 சதவீதம் என்று எண்ணிக் காட்டியதும் அதற்காகத்தான். நேரத்துக்குக் கட்டினால் சலுகை என்பதும் விவசாயியின் நன்மைக்காகவே வந்தது. ஆனால் அந்தச் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள வருடத்துக்கு ஒரு முறை வட்டிக்காரர் தேவைப்பட்டார். பாஸ்புக்கில் அவர் இல்லை. ஜனவரி 27, வரவு 1,00,000 என்று மட்டும் இருக்கிறது. அதைப் பார்க்கும் எந்த அதிகாரியும் ஒழுங்காகக் கட்டும் விவசாயி என்றுதான் சொல்வார், அதுவும் உண்மைதான். ஒரே ஒரு தடயம், தாத்தாவின் புத்தகத்தில் இருந்ததேதான். கட்டிய தொகையும் அடுத்து எடுத்த தொகையும் ஏறக்குறைய ஒன்றாக, நெருக்கமாக நிற்கும். உங்கள் வீட்டில் பயிர்க்கடன் பாஸ்புக் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இடைவெளி சில நாட்கள்தான் என்றால் அங்கேயும் ஒரு டைரிக்காரரோ, அடகு வைத்த ஒரு செயினோ இருக்க வாய்ப்பு அதிகம்.

*

அந்த வருடம் மட்டும் கணக்கு தப்பியது.

27-ஆம் தேதி காலை அப்பா கட்டிவிட்டு வந்தார். பக்கோடா வந்தது. புதுக் கடனுக்கு மனு கொடுத்தாயிற்று, பட்டியல் மத்திய வங்கிக்குப் போக வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். ஒன்பதாம் நாள், பிப்ரவரி 5 அன்று, முதலமைச்சர் பழனிசாமி சட்டமன்றத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்தார். 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன்கள்.

ஜனவரி 31 அன்று அப்பாவின் பெயரில் நிலுவை இல்லை. நான்கு நாள் முன்புதான் கட்டியிருந்தார், அதுவும் கடன் வாங்கி.

எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கும் ஜனவரியில்தான் கெடு. அவருக்குக் கட்டிங் ஆர்டரே வரவில்லை, டைரிக்காரரையும் அவர் கூப்பிடவில்லை. அவருடைய 90,000 தள்ளுபடியானது. அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு இரண்டு நாள் தெருவை மாற்றிப் போனார். இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. தள்ளுபடி வரும் என்று தெரிந்து அவர் கட்டாமல் இருக்கவில்லை. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இது அநியாயம் என்று நான் கத்தியபோது அப்பா பழைய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்று சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். அதற்கு மார்ச் 31 அன்று இருந்த நிலுவை கணக்கு. அப்பா அந்தப் பிப்ரவரியில்தான் பழைய கடனைக் கட்டிப் புதிதாக எடுத்திருந்தார். அதனால் மார்ச் 31-இல் அவர் பெயரில் முழுக் கடன் நின்றது, முழுசாகத் தள்ளுபடியானது. “அப்ப தேதி நமக்குச் சாதகமா வுழுந்துச்சு. இப்ப வுழல. அவ்ளோதான்.”

தள்ளுபடி கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த 90,000 பெரியப்பா வீட்டில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாஸ்புக்கை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நேரத்துக்குக் கட்டியவனுக்கு 7,000 என்று ஒரு விதி. கட்ட முடியாமல் நின்றவனுக்கு முழு அசலும் என்று, எப்போதாவது, முன்னறிவிப்பு இல்லாமல் வரும் இன்னொரு விதி. இரண்டுமே தேதியைத்தான் பார்க்கின்றன. வயலில் கரும்பு எப்போது வெட்டப்பட்டது, அதற்குப் பணம் வந்ததா என்று இரண்டுமே கேட்பதில்லை. பயிர்க்கடன் என்ற யோசனை கேட்கத் தொடங்கிய கேள்வி அதுதான். பக்கத்து வயல்காரனுக்குப் பதில் தெரிந்திருந்த கேள்வி.

தள்ளுபடிக்குப் பின் கணக்கு முடிக்கும் வேலையில் புதுக் கடன்கள் தள்ளிப்போயின, தேர்தலும் வந்தது. அப்பாவுக்குப் புதுக் கடன் சித்திரையில்தான் கிடைத்தது. டைரிக்காரருக்கு மூன்று மாத வட்டி, 9,000. 7,000-ஐக் காப்பாற்றப் போனவர் 2,000 கூடுதலாகக் கொடுத்தார்.

இப்போது நான் சென்னையில் வேலை செய்கிறேன். டைரிக்காரர் எங்கள் திண்ணைக்கு வருவதில்லை. ஜனவரியில் அப்பா போன் செய்வார், நான் 1 லட்சம் அனுப்புவேன், பதினைந்து நாளில் திரும்பி வரும். வட்டி கிடையாது. சம்பளக்காரப் பிள்ளை இல்லாத வீடுகளுக்கு அவர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பாஸ்புக்கில் என் பெயரும் இல்லை. போன வாரம் அப்பாவிடம், “ஆலைக்காரன் பணம் போட்டப்புறம் முப்பது நாள்னு கெடு வச்சா என்ன?” என்று கேட்டேன். கரும்பு ஆலைக்குப் போன ரசீது இருக்கிறது, பணம் போட்ட தேதி வங்கியில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தேதி வைப்பது முடியாத காரியம் இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்டி வச்சா நல்லாத்தான் இருக்கும்” என்றார். பிறகு, “வர்ற 27 புதன்கிழமை. ஞாபகம் வச்சுக்கோ” என்றார்.